கையை நீட்டுவதா, நெஞ்சில் வைப்பதா? வளைகுடா அலுவலகத்தில் ஆணும் பெண்ணும் சந்திக்கும்போது

சவூதிக்கு வேலைக்குப் போன நம் ஊர் ஆண்களில் பலருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இந்தக் கேள்வியே வந்திருக்காது. அலுவலகத்தில் பெண்கள் பகுதி தனி, வாசல் தனி. உணவகத்தில் குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஒரு கதவு, தனியாக வரும் ஆண்களுக்கு இன்னொரு கதவு. மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களை விட்டால், ஒரு சவூதிப் பெண்ணை வேலை நிமித்தமாக நேருக்கு நேர் நின்று சந்தித்தவர்கள் குறைவு.

2016 ஏப்ரலில் மதக் காவல் படையினரின் கைது செய்யும் அதிகாரம் பறிக்கப்பட்டது. 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். 2019 டிசம்பரில் உணவகங்களுக்கு இரட்டை வாசல் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. வேலைக்கு வரும் சவூதிப் பெண்களின் பங்கு 2017-இல் சுமார் 17 சதவீதமாக இருந்தது, 2022 முடிவதற்குள் 35 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. இன்று ரியாத்தில் ஒரு டெண்டர் கூட்டத்துக்குப் போனால் எதிர்ப்பக்கத்தில் கொள்முதல் மேலாளர் ஒரு பெண்ணாக இருப்பது சாதாரணம்.

மாற்றம் இவ்வளவு வேகமாக வந்ததால் முகமன் சொல்லும் முறைக்கு ஒரு பொது வழக்கம் இன்னும் உருவாகவில்லை. கைகொடு என்றோ கொடுக்காதே என்றோ சட்டமும் கிடையாது. ஒரே அறையில் அடுத்தடுத்த மேசைகளில் இருக்கும் இருவரில் ஒருவர் ஜித்தாவில் வளர்ந்து வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், நீங்கள் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிவிடுவார். பக்கத்து மேசைக்காரரோ கணவரின் தம்பிக்கே கைகொடுக்காதவர். இரண்டு பேரும் அபாயாதான் அணிந்திருப்பார்கள், இரண்டு பேரும் சரளமாக ஆங்கிலம் பேசுவார்கள்.

இந்த இடத்தில் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நாமே முதலில் கையை நீட்டுவது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நீட்டுகிறாரா என்று பார்ப்பது. வலது கையை நெஞ்சில் வைத்து சலாம் சொல்வது. இரு கையும் கூப்பி வணக்கம் வைப்பது. இதில் எது மரியாதை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதைவிட, என் ஊகம் தப்பாகப் போனால் அதன் கஷ்டம் யார் தலையில் விழும் என்று கேட்டுப் பார்த்தால் நான்குக்கும் உள்ள வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும்.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஆண், எதிரில் பெண், கையை நீட்டிவிட்டீர்கள். அவர் கைகொடுப்பவராக இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கொடுக்காதவராக இருந்தால், தன் மேலதிகாரி, சகஊழியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அரை வினாடிக்குள் அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தன் நம்பிக்கையை விட்டுக்கொடுத்துத் தொடவேண்டும், அல்லது விருந்தாளியின் கையை அந்தரத்தில் விட்டுவிடவேண்டும். விருந்தாளியை அவமதிப்பது அரபு வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. ஊகித்தது நீங்கள், சங்கடப்படுவது அவர்.

இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நீட்டவில்லை, அவரோ கைகொடுப்பவர். என்ன ஆகும்? அவரே நீட்டுவார், நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். தப்பான ஊகத்துக்கு விலை ஒரு வினாடித் தாமதம், அவ்வளவுதான். இரண்டு தவறுகளும் ஒரே எடையுள்ளவை இல்லை என்பதால்தான், வளைகுடாவில் ஆண் முதலில் நீட்டக்கூடாது என்ற பக்கமே நான் நிற்கிறேன்.

“நான் நீட்டினேன், அவரும் கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்பவர்கள் உண்டு. அவர் கொடுத்தார் என்பதால் அவருக்கு அது உவப்பாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இதைப் புரிந்துகொள்ள மார்க்கச் சட்டம் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும்.

நபிகள் நாயகம் பெண்களிடம் உறுதிமொழி வாங்கும்போது வார்த்தையால் மட்டுமே வாங்கினார், அவர் கை எந்த அந்நியப் பெண்ணின் கையையும் தொட்டதில்லை என்று ஆயிஷா நாயகி சொன்ன செய்தி புகாரி தொகுப்பில் இருக்கிறது. மணமுடிக்க ஆகுமான ஆணும் பெண்ணும், அதாவது மஹ்ரம் அல்லாதவர்கள், கைகொடுக்கக் கூடாது என்று மத்ஹபுகள் எனப்படும் நான்கு இஸ்லாமியச் சட்ட மரபுகளின் அறிஞர்களும் பெரும்பாலும் சொல்வதற்கு இது ஒரு முக்கிய ஆதாரம். வயது முதிர்ந்த மூதாட்டிக்குக் கைகொடுக்கலாம் என்று சிலர் விலக்கு தந்திருக்கிறார்கள். கத்தாரில் வாழ்ந்து 2022-இல் மறைந்த எகிப்திய அறிஞர் யூசுஃப் அல் கர்ளாவி, கெட்ட எண்ணம் இல்லாத இடத்தில் இது ஹராம் ஆகாது என்றார். ஆனால் அவரும், முஸ்லிம் தானாக முன்வந்து நீட்டவேண்டாம், எதிரில் இருப்பவர் நீட்டிவிட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்ற திசையில்தான் வழி சொன்னார்.

இந்தக் கடைசி வாக்கியம் அலுவலகங்களில் நடப்பதற்கு நல்ல விளக்கம். அங்கே கைகொடுப்பவர், கொடுக்காதவர் என்று இரண்டு வகையினர் மட்டும் இல்லை. தானாக நீட்டமாட்டார், ஆனால் நீங்கள் நீட்டிவிட்டால் உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காக விரல் நுனியைக் கொடுத்துவிட்டு உடனே எடுத்துக்கொள்வார் என்று மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருக்கிறது. நான் பார்த்தவரை இந்தக் கூட்டம் பெரியது. கை தளர்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டி, பார்வை வேறுபக்கம் போய், நீங்கள் விடுவதற்கு முன்பே விரல்கள் நழுவினால் அவர் அந்த மூன்றாவது வகை. அடுத்த சந்திப்பில் நீங்கள் நீட்டாமல் இருந்தால் உள்ளூர நன்றி சொல்வார்.

இதில் நம் ஊர்க்காரர்களே கவனிக்காத இன்னொரு நுணுக்கம் தொழுகை நேரம். ஷாஃபி மத்ஹபின்படி, மஹ்ரம் அல்லாத ஆணும் பெண்ணும் தோலோடு தோல் தொட்டால், தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவிச் செய்யும் சுத்தமான ஒளு முறிந்துவிடும். எண்ணம் எதுவாக இருந்தாலும் சரி, தொட்டவருக்கும் முறியும், தொடப்பட்டவருக்கும் முறியும். ஹனஃபி மத்ஹபில் வெறும் தொடுதலால் ஒளு முறியாது. சவூதியில் ஹன்பலி மத்ஹப் செல்வாக்கு என்றாலும் அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லா நாட்டுக்காரர்களும்தான். யமனியர், இந்தோனேசியர், மலேசியர், எகிப்தியரில் ஒரு பகுதி, கேரளத்து மாப்பிள்ளைமார், நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்கள், இலங்கை முஸ்லிம்கள் என்று ஷாஃபி வழி வந்தவர்கள் நிறைய.

என்னோடு வேலை பார்த்த காயல்பட்டினத்து மூத்தவர் ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: “தம்பி, லுஹர் தொழுகைக்கு ஒளு எடுத்துட்டு வந்து உக்காந்திருப்பேன். புதுசா வந்த மேடம் ஓடிவந்து கையப் புடிச்சிக் குலுக்குவாங்க. நல்ல மனசுதான். நான் மறுபடி குழாயடிக்குப் போவணும்.” பகல் பன்னிரண்டை ஒட்டியும் மதியம் மூன்றரையை ஒட்டியும் நடக்கும் சந்திப்புகளில், முகமும் முன்கையும் ஈரமாக, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே ஒருவர் வந்தால் அது ஒளு எடுத்துவிட்டு வருபவரின் கோலம். அந்த நேரத்தில் எதிர்பாலினத்தவர் கையை நீட்டாமல் இருப்பது பெரிய உதவி.

சரி, அப்படியென்றால் இரண்டாவது வழி, சும்மா காத்திருப்பது, போதுமா? போதாது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் தயங்குகிறீர்களா, பயப்படுகிறீர்களா, அலட்சியப்படுத்துகிறீர்களா என்று தெரியாது. அதைவிட மோசம், பக்கத்தில் இருக்கும் ஆண்களுக்கு எல்லாம் கை குலுக்கி, தோளில் தட்டிவிட்டு, பெண்ணிடம் வரும்போது மட்டும் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு தாண்டிப் போவது. மரியாதை என்று நினைத்துத்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கும். தான் அந்த அறையில் இல்லாதவள்போல நடத்தப்பட்டதை அவர் கூட்டம் முடியும் வரை மறக்கமாட்டார்.

மூன்றாவது வழி இந்தக் குறையை அடைக்கிறது. வலது உள்ளங்கையை இதயத்தின் பக்கம் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றோ, காலை வணக்கமான “ஸபாஹுல் ஹைர்” என்றோ சொன்னால் அது முழுமையான முகமன். பாதியில் நிற்கும் கைகுலுக்கல் என்று யாரும் அதை நினைக்கமாட்டார்கள். அரபு நாடுகளிலிருந்து பாகிஸ்தான் வரை ஆண்கள் தங்களுக்குள்ளேயும் தூரத்திலிருந்து இப்படித்தான் சலாம் சொல்கிறார்கள். நாம் முஸ்லிமாக இல்லாவிட்டாலும் சலாம் சொன்னால் யாரும் தப்பாக எடுப்பதில்லை, சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் நெஞ்சில் கையை வைத்துவிட்டால், “நான் பெண்களுக்குக் கைகொடுப்பதில்லை” என்று நீங்களே அறிவித்ததாக ஆகிவிடும். நீட்ட நினைத்த பெண் கையை இழுத்துக்கொள்வார். கொஞ்சம் புண்படவும் செய்வார், முக்கியமாக நீங்கள் இந்தியர், முஸ்லிம் அல்லாதவர், இதற்கு முன் கைகொடுப்பவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தால்.

இதைச் சரிசெய்வது வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. முதலில் குரல், பிறகு கை. இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே முகத்தைப் பார்த்து சலாமும் அவர் பெயரும் சொல்லிவிடவேண்டும். சவூதியில் வேலையில் இருக்கும் பெண்ணை “உஸ்தாதா” என்று சொல்லி அவருடைய சொந்தப் பெயரைச் சேர்த்து அழைப்பது வழக்கம். பொறியாளர் என்றால் “முஹந்திஸா”, மருத்துவர் அல்லது முனைவர் என்றால் “துக்தூரா”. இதைச் சொல்லி முடிக்க ஒன்றரை வினாடி ஆகும். அந்த ஒன்றரை வினாடியில் உங்கள் வலது கை காலியாக, பக்கவாட்டில் தளர்வாக இருக்கட்டும். அவர் கை முன்னால் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் உங்கள் கை நெஞ்சுக்குப் போகட்டும். இரண்டுமே இயல்பாக இருக்கும், யாருக்கும் எதையும் மறுக்கவேண்டிய நிலை வராது. இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் சேர்ந்த இந்தக் கலவையைத்தான் நான் ஆண்களுக்குச் சொல்வேன்.

அந்த ஒன்றரை வினாடியில் எதைப் பார்ப்பது? உடையைப் பார்க்காதீர்கள். தலையில் துணி போடாத பெண்ணும் கைகொடுக்காமல் இருப்பார், ஹிஜாப் அணிந்தவர் பளிச்சென்று நீட்டுவார். முகத்தை மறைக்கும் நிகாப் அணிந்து, கறுப்புக் கையுறையும் போட்டிருந்தால் மட்டும் ஊகத்துக்கு இடமே இல்லை. மற்றபடி பார்க்கவேண்டியது வலது கையையும் கால்களையும். ஃபைலோ போனோ வலது கையிலிருந்து இடது கைக்கு மாறினால் கை வரப்போகிறது. ஃபைலை இரு கையாலும் மார்போடு அணைத்திருந்தால் வராது. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தால் வரும். மேசைக்கு அந்தப் பக்கமே நின்றால் பெரும்பாலும் வராது. உங்களுக்கு முன்னால் போனவருக்கு அவர் என்ன செய்தார் என்பது இவை எல்லாவற்றையும்விட நம்பகமான தகவல், அதனால் வரிசையில் முதல் ஆளாக முந்திக்கொண்டு போகாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

கை வந்தால் வாங்குகிற விதம் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடாவில் ஆண்கள் தங்களுக்குள் கையை விடாமல் பிடித்தபடியே நலம் விசாரிப்பார்கள், அரை நிமிடம்கூட ஆகும். அந்தப் பழக்கம் பெண்ணிடம் ஆகாது. ஒரு முறை, லேசாக, உடனே விட்டுவிட வேண்டும், இடது கையை மேலே வைத்துப் பொத்தக்கூடாது. ஒருவேளை நீங்கள் அவசரப்பட்டு நீட்டி, அவர் நெஞ்சில் கை வைத்துவிட்டால், விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நீட்டிய கையை அப்படியே வளைத்து உங்கள் நெஞ்சுக்குக் கொண்டுபோய்விடுங்கள். நீங்கள் முதலிலிருந்தே அதைத்தான் செய்யவந்தீர்கள் என்பதுபோல இருக்கும், அறையில் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு “ஸாரி, ஸாரி” என்பதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும்.

நான்காவது வழியான வணக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தியர், நேபாளி, இலங்கையர் கூடுகிற இடத்தில் அது அழகு, தொடாமல் இரண்டு கையும் ஈடுபடுகிற முகமன் வேறு எது? வளைகுடாவில் அதைப் பார்த்தால் எல்லோருக்கும் புரியும், 2020-இல் கொரோனா வந்தபோது அதுவரை வைக்காதவர்கள்கூட வைத்தார்கள். ஆனால் சவூதி வாடிக்கையாளரின் முன் அது கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரியும், சிலர் அதை வழிபாட்டுச் சைகையாகவும் பார்ப்பார்கள். கையைக் கூப்பியபிறகு எதிரில் கை வந்தால் பிரித்து நீட்டுவதற்குள் தடுமாற்றம் வேறு. நெஞ்சில் கை வைப்பது அந்த மண்ணின் வழக்கமாகவே இருக்கும்போது இது தேவைப்படுவதில்லை.

பெண்ணின் பக்கம்

இதுவரை சொன்னது ஆணுக்கு. வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்ணுக்குக் கணக்கு வேறு. பெண் நீட்டினால்தான் ஆண் நீட்டலாம் என்பது எழுதாத வழக்கம் என்றால், முடிவெடுக்கும் உரிமை பெண்ணிடம் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் சுமைதான். பழக்கப்பட்ட ஆண்கள் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், முடிவை ஒவ்வொரு ஆளிடமும் அவரே எடுக்கவேண்டும். அவர் நீட்டி, எதிரில் இருக்கும் ஆண் கைகொடுக்காதவராக இருந்தால், அவமானம் இவருக்கும் உண்டு. தாடி வைத்த பெரியவர் ஒருவர் கையை நெஞ்சில் வைத்து “மன்னிக்கணும் சகோதரி” என்று விலகினால், காரணம் தெரிந்திருந்தாலும் முகம் சிவக்கத்தான் செய்யும்.

2025 ஜனவரி 3-ஆம் தேதி டமாஸ்கஸில் நடந்தது நினைவிருக்கலாம். சிரியாவின் புதிய தலைவர் அஹமது அல் ஷராவைச் சந்திக்க ஜெர்மனி, பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர்கள் போனார்கள். ஜெர்மன் அமைச்சர் அன்னலேனா பேர்பாக்குக்கு ஷரா கைகொடுக்கவில்லை, நெஞ்சில் கை வைத்து வரவேற்றார். ஐரோப்பியப் பத்திரிகைகளில் அதுவே தலைப்புச் செய்தியானது. வழக்கமான கைகுலுக்கல் இருக்காது என்று பயணத்தின்போதே தனக்குத் தெரியும் என்று பேர்பாக் பிறகு சொன்னார். அவரும் கையை முந்திக்கொண்டு நீட்டவில்லை. சர்ச்சை வேறுபட்ட நடத்தையைப் பற்றியதாக இருந்ததே தவிர, அந்தரத்தில் நின்ற ஒரு கையின் படமாக மாறாததற்கு அந்த முன்தயாரிப்பு காரணம்.

பெண்ணுக்கு இருக்கும் வழிகளை மூன்றாகச் சுருக்கலாம். எல்லோருக்கும் நீட்டுவது, ஆளைப் பார்த்து நீட்டுவது, யாருக்கும் நீட்டாமல் நெஞ்சில் கை வைப்பது. முதலாவது துணிச்சலானது, சென்னை அலுவலகத்தில் அதுதான் சரி. ரியாத்தில் தினமும் யாராவது ஒருவரிடம் மாட்டிக்கொள்ள நேரும். இரண்டாவது நெகிழ்வானதுபோலத் தெரியும், ஆனால் ஒரே வரிசையில் நிற்கும் ஐந்து ஆண்களில் மூவருக்குக் கொடுத்து இருவரை விட்டால், விடப்பட்டவர் ஏன் என்று யோசிப்பார். தாடியைப் பார்த்து ஒதுக்கினாரோ, கறுப்பர் என்பதாலோ, டிரைவர் என்று நினைத்தாரோ என்று மனம் ஓடும். அலுவலகத்துக்குள் பிறகு வம்பாகவும் அது பேசப்படும்.

அதனால் கலப்புக் கூட்டத்தில் மூன்றாவதே எனக்குப் பிடித்தது. ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே மாதிரி, நெஞ்சில் கை. இதற்கு ஸ்வீடனிலிருந்து ஒரு சுவாரசியமான ஆதாரம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போன ஒரு முஸ்லிம் பெண், ஆண் மேலாளர் ஒருவருக்குக் கைகொடுக்காமல் இதயத்தில் கை வைத்தார், நேர்காணல் அதோடு முடிந்தது. ஆண், பெண் இருபாலரையும் எங்கள் ஊழியர்கள் சமமாக நடத்தவேண்டும் என்றது நிறுவனம். இருபாலரும் இருக்கும் இடத்தில் யாரையும் வேறுபடுத்தாமல் எல்லோருக்கும் நெஞ்சில் கை வைப்பதுதான் என் வழக்கம் என்றார் அந்தப் பெண். 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 40,000 குரோனர் இழப்பீடு தரச் சொன்னது, அதுவும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான். சமத்துவம் வேண்டும் என்பதில் இருதரப்புக்கும் சண்டை இல்லை. ஒரே சைகை எல்லோருக்கும் என்று இருந்தால் சமத்துவம் நிறைவேறுகிறதா என்பதுதான் வழக்கு.

ஐரோப்பாவில் எல்லா இடத்திலும் இது செல்லாது என்பதையும் சொல்லவேண்டும். டென்மார்க்கில் 2019 முதல் குடியுரிமை விழாவில் அதிகாரிக்குக் கைகொடுப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியது. அங்கே கைகொடுக்காமல் இருப்பதற்குத்தான் விலை அதிகம். முகமனை இடம் தீர்மானிக்கிறது, நாம் எவ்வளவு முற்போக்கு என்பது இல்லை.

ஒரு கூட்டத்தைப் படிப்படியாக

ரியாத்தில் ஒரு ஒப்பந்தக் கூட்டம், காலை 11:30 என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கம் மூவர்: ஐம்பது வயது மேலாளர் அண்ணன், முப்பது வயதுப் பெண் பொறியாளர், விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர். எதிர்ப்பக்கம் ஐவர்: முதீர் எனப்படும் மூத்த சவூதி மேலாளர், இளம் சவூதிப் பெண் திட்டத் தலைவர், நிகாப் அணிந்த கணக்கர், எகிப்தியப் பொறியாளர், பாகிஸ்தானி மேற்பார்வையாளர்.

கதவருகில் நின்று மூவரும் பொதுவாக ஒரு சலாம் சொல்லவேண்டும். அறைக்குள் நுழைபவர் முதலில் சலாம் சொல்வது அங்கே கட்டாய மரியாதை, எதிர்ப்பக்கத்து ஐவரும் பதில் சொல்லும் அந்த நேரம் எல்லோருக்கும் மூச்சுவிட இடம் தருகிறது. அண்ணன் முதலில் போய் முதீருக்குக் கைகொடுக்கிறார், நலம் விசாரிப்பு நீளுகிறது. வரிசையில் அடுத்தவர் திட்டத் தலைவர். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, “உஸ்தாதா” என்று சொல்லி, பெயரைச் சேர்த்து, மின்னஞ்சலில் பேசிய ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு நன்றி சொல்கிறார். அவர் டேப்லெட்டை இடது கைக்கு மாற்றி வலது கையை நீட்டுகிறார். அண்ணன் ஒரு முறை லேசாகக் குலுக்கி விட்டுவிடுகிறார். கணக்கரிடம் வரும்போது அண்ணன் கை தானாகவே நெஞ்சுக்குப் போகிறது, தலை சாய்கிறது, பெயரும் பதவியும் சொல்லப்படுகின்றன. அவர் தலையசைக்கிறார்.

தம்பி பின்னால் வருகிறான். முன்னால் நடந்ததைப் பார்த்ததால் அவனுக்குப் பிரச்சினையே இல்லை, திட்டத் தலைவரிடம் கை காலியாக வைத்துக்கொண்டு போகிறான். ஆனால் அவர் இவனுக்கு நீட்டவில்லை. அண்ணன் வயதில் பெரியவர், இவன் சமவயது. மூத்தவருக்குக் கொடுத்து இளைஞருக்குக் கொடுக்காமல் இருப்பதும் அங்கே நடப்பதுதான். தம்பி கையை நெஞ்சில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறான். அண்ணனுக்குக் கொடுத்ததால் தனக்கும் கொடுப்பார் என்று அவன் முந்தியிருந்தால் மாட்டியிருப்பான்.

பெண் பொறியாளர் பெண்கள் இருவரிடம் முதலில் போகிறார். பெண்ணும் பெண்ணும் கைகொடுப்பதில் தடை இல்லை, நிகாப் அணிந்த கணக்கரும் அவர் கையை அன்போடு பற்றிக்கொள்கிறார், கன்னத்தோடு கன்னம் வைத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பிறகு ஆண்கள் வரிசை. இங்கே முன்பு சொன்ன “எல்லோருக்கும் ஒரே சைகை” என்ற கொள்கை கொஞ்சம் இடிக்கிறது, பெண்கள் கையைப் பற்றியாகிவிட்டதே. பரவாயில்லை, ஆண்கள் அனைவருக்கும் ஒரே சைகை என்று வைத்துக்கொண்டால் போதும், அங்கே யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. முதீர், எகிப்தியர், பாகிஸ்தானி மூவருக்கும் நெஞ்சில் கை வைத்து, ஒவ்வொருவரிடமும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்கிறார். எகிப்தியர் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிடுகிறார். இவருக்கு ஆட்சேபம் இல்லை என்றால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அப்போது மற்ற இருவரும் கவனிப்பார்கள். அவர் வாங்கிக்கொண்டார். முதீர் சிரித்துக்கொண்டே தன் கையையும் நீட்டினார். பாகிஸ்தானி நீட்டவில்லை, இவரும் நீட்டவில்லை, இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை, ஏனென்றால் இவர் தரப்பில் தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

லுஹர் பாங்கு நெருங்கும் நேரம் என்பதால் பாகிஸ்தானி ஒளுவோடு இருந்தாரோ என்று நினைக்கத் தேவையில்லை. அவர் ஹனஃபியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கொள்கைதான் காரணமாக இருக்கும். இந்த ஆராய்ச்சியெல்லாம் அந்த நேரத்தில் யாரும் செய்வதில்லை. நீட்டாத கைக்குக் காரணம் கேட்காமல் விட்டால் போதும்.

வார்த்தையில் செய்யும் தவறு கையில் செய்யும் தவறைவிடப் பெரிதாக வாய்ப்புண்டு. அரபுக் காப்பியான கஹ்வா வந்ததும் அண்ணன் முதீரிடம் பேச்சுக்கு, “உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?” என்று கேட்டால் அறை சட்டென்று அடங்கிவிடும். ஆண், இன்னொரு ஆணின் மனைவியைத் தனியாகக் குறிப்பிட்டு விசாரிப்பதில்லை. “குடும்பத்தார் நலமா, பிள்ளைகள் நலமா?” என்று கேட்பதுதான் முறை. அதேபோல, திட்டத் தலைவர் கைகொடுத்தார் என்ற தைரியத்தில் அவர் உடையையோ சிரிப்பையோ பாராட்டக்கூடாது. 2018-இல் சவூதி கொண்டுவந்த தொல்லைத் தடுப்புச் சட்டம் பாலியல் தன்மையுள்ள சொல்லையும் செயலையும் சேர்த்தே குற்றமாக்குகிறது, சிறையும் பெரிய அபராதமும் உண்டு. சாதாரணப் பாராட்டு வழக்காகாது என்றாலும் உறவைக் கெடுத்துவிடும்.

கூட்டம் முடிந்து விடைபெறும்போது இதே கேள்வி மறுபடி வரும், ஆனால் இப்போது ஊகம் தேவையில்லை. காலையில் கைகொடுத்தவர் கொடுப்பார், கொடுக்காதவருக்கு நெஞ்சில் கை. ஒரே ஒரு விலக்கு: ஒரு மணி நேரம் பேசிப் பழகியபிறகு, தம்பிக்குக் கைகொடுக்காத திட்டத் தலைவர் இப்போது கையை நீட்டினாலும் நீட்டுவார். அதனால் லிஃப்ட் வரும் வரை லேப்டாப் பையை அவன் இடது தோளிலேயே மாட்டிக்கொண்டு நிற்கட்டும்.